நிலையான வைப்பின் வட்டியும் அதில் கழியும் வரியும்: யாழ்ப்பாணத்து வாசகர்கள் கேட்டவை

சுன்னாகம், ஓய்வுபெற்ற ஆசிரியை: ஒரு கோடியே 20 இலட்சம் ரூபாவை 8 வீதத்துக்கு ஒரு வருட வைப்பில் இட்டிருந்தேன். முதிர்வன்று 960,000 ரூபா வட்டி வரவேண்டியிருக்க, 864,000 தான் கணக்கில் விழுந்தது. வருடத்துக்கு 900,000 ரூபா ஓய்வூதியமும் வருவதால் மொத்தம் வருடத்துக்கு 18 இலட்சம் என்ற வருமான எல்லையைத் தாண்டுகிறது என்று எண்ணி, வரி கழிக்க வேண்டாமென்று வங்கிக்குக் கொடுக்கும் சுய பிரகடனத்தைக் கொடுக்கவில்லை. நான் செய்தது சரிதானே, ஐயா?

எல்லா வருமானத்தையும் கூட்டிப் பார்க்க வேண்டும் என்று நீங்கள் எண்ணியது சரி, அம்மா. ஆனால் கூட்டக்கூடாத ஒன்றையும் சேர்த்துக் கூட்டிவிட்டீர்கள். அரசாங்கம் வழங்கும் ஓய்வூதியத்துக்கு வருமான வரியிலிருந்து விலக்கு உண்டு; ஆகவே அது 18 இலட்சம் என்ற எல்லையைப் பார்க்கும்போது கணக்கில் வராது. வேறு வருமானம் இல்லையென்றால் உங்கள் மதிப்பிடத்தக்க வருமானம் 960,000 ரூபா மட்டுமே. நீங்கள் தயக்கமின்றிப் பிரகடனம் கொடுத்திருக்கலாம். 96,000 ரூபாவும் கழிந்திராது.

கழித்த பணத்தை இனி வங்கியிடம் கேட்டுப் பயனில்லை. ஒரு மாதத்தில் கழித்த வரியை அடுத்த மாதம் 15ஆம் திகதிக்குள் உள்நாட்டு இறைவரித் திணைக்களத்துக்கு வங்கி அனுப்பிவிட வேண்டும். அதன் பிறகு மீளளிப்பைத் திணைக்களத்திடமே கோர வேண்டும். அதற்கு வங்கியிலிருந்து வரி கழித்தமைக்கான சான்றிதழைப் பெற்று, ஏப்ரல் முதல் மார்ச் வரையான அந்த மதிப்பீட்டு ஆண்டுக்குரிய வருமான விபரத்திரட்டைச் சமர்ப்பிக்க வேண்டும். சான்றிதழை வாங்கியவுடன் அதில் ரின் எனப்படும் உங்கள் வரி அடையாள இலக்கம் சரியாக உள்ளதா என்று கருமபீடத்திலேயே நின்று பாருங்கள். இலக்கம் இல்லாமலோ பிழையாகவோ இருந்தால், கழிந்த வரி உங்கள் பெயரில் சேராமல் மீளளிப்பு இழுபடும்.

வரும் ஆண்டுக்கான பிரகடனத்தை ஏப்ரல் பிறந்ததும், வட்டி வரவாவதற்கு முன்னரே, கொடுத்துவிடுங்கள். ஒருமுறை கொடுத்தது அடுத்த ஆண்டுக்குச் செல்லாது. ஒரு வங்கியில் கொடுத்தது இன்னொரு வங்கியைக் கட்டுப்படுத்தாது. ஆனால் எல்லையைப் பார்க்கும்போது எல்லா வங்கிகளின் வட்டியையும், வீட்டு வாடகை போன்றவை இருந்தால் அவற்றையும் சேர்த்தே பார்க்க வேண்டும். பிரகடனம் திணைக்களத்தின் பார்வைக்கும் போகும் என்பதால், அதில் உண்மையல்லாததை எழுதுவது ஆபத்து.

கோப்பாய், விவசாயி: என் வைப்பு 20 இலட்சம். 10 வீதம் வெட்டுகிறார்கள் என்றால் 2 இலட்சம் போய்விடுமா? எடுத்து வீட்டில் வைப்போமா என்று யோசிக்கிறேன்.

முதல் பணத்தில் கை வைக்க மாட்டார்கள், அண்ணை. வட்டியில் மட்டுமே 10 வீதம். 8 வீத வட்டியென்றால் உங்களுக்கு வருடத்துக்கு 160,000 ரூபா வரும். அதில் 16,000 கழியும். உங்கள் மொத்த வருமானம் எல்லைக்குள் இருந்து, ரின் இலக்கத்துடன் பிரகடனமும் கொடுத்தால் அதுவும் கழியாது. பணத்தை வீட்டில் வைத்தால் 160,000 முழுவதும் போகும்.

நெல்லியடி, குடும்பத் தலைவி: கனடாவில் உள்ள மகன் அனுப்பிய பணம் 3 கோடி ரூபா என் பெயரில் வைப்பாக இருக்கிறது. வருட வட்டி 24 இலட்சம். அதில் 240,000 ரூபா கழிந்தது. எல்லையைத் தாண்டியவர்களுக்குப் பிரகடனம் இல்லை, எனவே போனது போனதுதான் என்று மகன் சொல்கிறார்.

பிரகடனம் கொடுக்க முடியாது என்பது வரையில் மகன் சொல்வது சரி. ஆனால் போனது போனதுதான் என்ற முடிவுக்கு நம்மவர்களில் பலர் அவசரப்பட்டு வந்துவிடுகிறார்கள். அதனால் பெருந்தொகைகள் கேட்பாரற்றுக் கிடக்கின்றன என்பதே என் எண்ணம். வங்கி கழிப்பது இறுதி வரியல்ல, முன்கூட்டிப் பிடித்துவைக்கும் வரி. நீங்கள் உண்மையில் செலுத்த வேண்டியது எவ்வளவு என்பது ஆண்டு முடிந்த பின்னரே தெரியவரும்.

கணக்கைப் பாருங்கள். பணம் மகன் அனுப்பியதானாலும் வைப்பு உங்கள் பெயரில் ரூபாவில் உள்ளதால், வட்டி உங்கள் வருமானமாகவே கொள்ளப்படும். 2025/2026 மதிப்பீட்டு ஆண்டிலிருந்து தனிநபர் நிவாரணம் 18 இலட்சம். அதைக் கழித்தால் வரிக்குட்படுவது 6 இலட்சம். வரிக்குட்படும் வருமானத்தின் முதல் 10 இலட்சத்துக்கு வீதம் 6 மட்டுமே. ஆகவே உங்கள் வரி 36,000 ரூபா. வங்கி பிடித்தது 240,000. மிகுதி 204,000 ரூபாவையும் நீங்கள் மீளக் கோரலாம்.

வட்டியைத் தவிர வேறு வருமானம் இல்லாத ஒருவருக்கு, வருட வட்டி ஏறத்தாழ 43 இலட்சத்தை எட்டும் வரையில் இதுவே நிலைமை: வங்கி கழிப்பது உண்மையான வரியை விடக் கூடுதலாகவே இருக்கும். 43 இலட்சத்தில் வரி 420,000. வங்கி பிடிப்பது 430,000. அதற்கு மேற்பட்ட தொகைக்கு வீதம் 36 என்பதால், அங்கிருந்து கணக்கு மறுபக்கம் சாயத் தொடங்கும்.

யாழ்ப்பாண நகரம், கடை உரிமையாளர்: ஒரு கோடியே 15 இலட்சத்தை 2025 ஒக்டோபர் 1 அன்று இரண்டு வருடத்துக்கு 8 வீதத்தில் வைப்பிலிட்டேன், வட்டி முதிர்வில்தான். மார்ச் 31 நிலவரப்படி வங்கி தந்த கடிதத்தில், சேர்ந்த வட்டி 460,000 ரூபா என்று இருக்கிறது. கையில் ஒரு சதமும் வரவில்லை. இதற்கும் வரியா?

இந்த ஆண்டுக்கு இல்லை. தனிநபர் ஒருவரின் முதலீட்டு வருமானம் காசு அடிப்படையில் கணக்கிடப்படுகிறது. அதாவது வட்டி உங்களுக்குக் கொடுக்கப்படும் அல்லது உங்கள் கணக்கில் வரவு வைக்கப்படும் ஆண்டே அதன் ஆண்டு. கடிதத்தில் உள்ள 460,000 வங்கியின் புத்தகத்தில் நாளுக்கு நாள் ஏறிவரும் தொகை. வங்கி இன்னும் எதையும் கழிக்காததற்கும் அதுவே காரணம். ஆனால் ஒரு வருட வைப்பு முதிர்ந்து, வட்டியையும் முதலோடு சேர்த்துத் தானாகப் புதுப்பிக்கும்படி எழுதிக் கொடுத்தவர்களுக்கு இது பொருந்தாது. பணம் கைக்கு வராவிட்டாலும் அன்று வட்டி வரவாகிவிடுகிறது. வரியும் அன்றே கழியும்.

உங்கள் விடயத்தில் எனக்குக் கவலை தருவது 2027 ஒக்டோபர் மாதம். இரண்டு வருட வட்டி 1,840,000 ரூபாவும் 2027/2028 ஆண்டில் ஒரே நாளில் விழும். கடை வருமானத்தை ஒதுக்கி வைத்துப் பார்த்தாலும், சட்டம் இப்போதுள்ளபடியே இருந்தால் அது 18 இலட்சத்தை 40,000 ரூபாவால் தாண்டிவிடும். பிரகடனம் கொடுக்க இயலாது. அந்த 40,000இற்கு உரிய வரி 2,400 ரூபாதான், ஆனால் வங்கி 184,000 ரூபாவைப் பிடிக்கும். இதே பணத்தை மாதாந்த வட்டிக்கு இட்டிருந்தால், வீதம் சற்றுக் குறைந்தாலும், ஒவ்வோர் ஆண்டும் எல்லைக்குள்ளேயே நின்றிருக்கும். கடையில் இலாபம் வருகிறது என்றால் அதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். அப்படியானால் வருமானத்தை ஆண்டுகளுக்குப் பகிர்ந்து வைப்பது உங்களுக்கு இன்னும் முக்கியமாகிறது.

சாவகச்சேரி, இளம் தம்பதியர்: எங்கள் இருவர் பெயரிலும் கூட்டு வைப்பு. மனைவிக்கு வேலையில்லை, அவர் மட்டும் பிரகடனம் கொடுத்தால் போதுமா?

போதாது. கூட்டு வைப்பில் இருவரும் வட்டிக்கு உரியவர்கள். இருவருமே எல்லைக்குள் இருந்தால் இருவரும் தத்தமது ரின் இலக்கத்துடன் தனித்தனியே பிரகடனம் கொடுக்க வேண்டும்.

(இங்கே வங்கியொன்றில் நெடுங்காலம் வைப்புப் பிரிவில் பணியாற்றிய பருத்தித்துறை அன்பர் குறுக்கிட்டார்: “ஒருவர் மட்டும் பிரகடனம் கொடுத்தால் சில கிளைகளில் முழு வட்டிக்கும் வரி கழிக்கிறார்கள், சிலவற்றில் அவருடைய பாதியை விட்டுவிடுகிறார்கள். அதோடு, படிவத்தைக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போகக்கூடாது. கணினியில் ஏற்றினார்களா என்று பார்த்து, திகதி முத்திரையிட்ட பிரதியொன்றை வாங்க வேண்டும். மேசையில் கிடந்த படிவத்தால் வரி நின்றதை நான் கண்டதில்லை.”)

அன்பர் சொன்ன இரண்டாவது விடயத்தை அப்படியே ஏற்கிறேன். பாதி வட்டி பற்றிய நடைமுறை கிளைக்குக் கிளை வேறுபட வேண்டியதில்லை என்பது என் கருத்து; அவரோ தலைமையகத்தின் அறிவுறுத்தல் வராமல் கிளைகள் மாறமாட்டா என்கிறார். உங்களில் ஒருவர் எல்லையைத் தாண்டுபவராக இருந்தால், வட்டி வரவாவதற்கு முன் கிளையின் நிலைப்பாட்டை எழுத்தில் கேட்டுப் பெறுங்கள். அல்லது அடுத்த முதிர்வில் வைப்பை இரண்டாகப் பிரித்துத் தனித்தனிப் பெயரில் இடுங்கள்.

திருநெல்வேலி, தனியார் நிறுவன முகாமையாளர்: என் சம்பளம் மாதம் 3 இலட்சம், அதற்குரிய வரி சம்பளத்திலேயே கழிகிறது. வைப்பு வட்டி 4 இலட்சத்தில் வங்கியும் 40,000 ரூபாவைக் கழித்துவிட்டது. இரண்டு பக்கமும் கட்டியாயிற்று, இனி எனக்கு விபரத்திரட்டு தேவையில்லைதானே, சேர்?

தேவை, மேலும் கட்டவும் வேண்டியிருக்கும். நெல்லியடி அம்மாவுக்குப் பணத்தைத் திருப்பித் தரும் அதே விதி உங்களிடம் கேட்கிறது. 36 இலட்சம் சம்பளத்தில் 18 இலட்ச நிவாரணம் முழுவதும் தீர்ந்துவிடுகிறது. மிகுதி 18 இலட்சம் 6, 18 வீதப் படிகளைக் கடந்து 24 வீதப் படிக்குள் 3 இலட்சம் ஏறி நிற்கிறது. அந்தப் படியில் இன்னும் 2 இலட்சத்துக்கே இடமுண்டு. ஆகவே உங்கள் வட்டியின் முதல் 2 இலட்சத்துக்கு 48,000 ரூபாவும், அடுத்த 2 இலட்சத்துக்கு 30 வீதப்படி 60,000 ரூபாவும் சேர்ந்து 108,000 ரூபா வரியாகிறது. வங்கி பிடித்த 40,000 போக 68,000 ரூபாவை நீங்களே செலுத்த வேண்டும்.

இதை ஆண்டின் நடுவிலேயே ஓகஸ்ட், நவம்பர், பெப்ரவரி மாதங்களின் 15ஆம் திகதிகளிலும், ஆண்டு முடிந்ததும் வரும் மே 15இலும் காலாண்டுத் தவணைகளாகச் செலுத்துவது முறை. எஞ்சியிருப்பதை மதிப்பீட்டு ஆண்டு முடிந்த பின் வரும் செப்டெம்பர் 30இற்குள் செலுத்தி, விபரத்திரட்டை நவம்பர் 30இற்குள் கொடுத்துவிட வேண்டும்.