பிரெட்னிசோலோன் திடீர்னு நிறுத்தினா தலைசுற்றுமா?

“பாலக்காடு டாக்டர் எழுதின பிரெட்னிசோலோன் 20 மி.கி., ஆறு வாரமா காலையில போட்டேன். தீர்ந்து மூணு நாளாச்சு. எழுந்தா தலை சுத்துது. அடுத்த வாரம் போனா போதுமா?”

போதாதுங்க, இன்னைக்கே டாக்டருக்குப் போன் பண்ணுங்க. கிடைக்கலைன்னா மாத்திரை அட்டையோட பக்கத்து அரசு மருத்துவமனைக்குப் போங்க.

பிரெட்னிசோலோன் ஒரு ஸ்டீராய்டு; நம்ம அட்ரினல் சுரப்பி சுரக்கிற கார்டிசோல்ங்கிற ஹார்மோன் மாதிரி வேலை செய்யும். அந்தச் சுரப்பி விடிகாலையில்தான் கார்டிசோலை அதிகமா சுரக்கும். காலை மாத்திரை அதையொட்டித்தான். ராத்திரி போட்டா தூக்கமும் கெடும். மூணு வாரத்துக்கு மேல மாத்திரை போட்டா சுரப்பி சோம்பிடலாம், மறுபடி விழிக்க வாரக்கணக்காகலாம். அதனாலதான் படிப்படியா குறைக்கிறது.

படுத்தும் நின்னும் பிரஷர் பாருங்க. நின்னதும் மேல் அளவு 20 குறைஞ்சா, கார்டிசோல் பத்தலைங்கிற சந்தேகம் வலுக்குது. குறையலைன்னாலும் டாக்டரைப் பாருங்க. வாந்தி, காய்ச்சல், மயக்கம் வந்தா நேரா அவசரப் பிரிவு. “ஸ்டீராய்டு நிறுத்தினேன்”னு முதல்லயே சொல்லுங்க.

ஆஸ்துமாவுக்கு அஞ்சு நாள் கொடுக்கிறதைப் பெரும்பாலும் அப்படியே நிறுத்தலாம். உங்க கணக்கு வேற.