குப்பைக் கட்டணம்: பாதி வீடுகள் கட்டவில்லை என்றால்?

"எங்க ஊராட்சியில 600 வீடு. குப்பை எடுக்க மாசம் 30 ரூபாய்னு வச்சோம். பாதிப் பேர்தான் தர்றாங்க. தொகையைக் கூட்டலாமா? வீட்டு வரி கட்ட வரும்போது சேர்த்துப் பிடிச்சுக்கலாமா?" – ஒரு வார்டு உறுப்பினர்

இரண்டும் வேண்டாம். இப்போதே கூட்டினால், இன்று ஒழுங்காகக் கட்டும் 300 பேர்தான் முதலில் முரண்டு பிடிப்பார்கள். குப்பைப் பணம் தந்தால்தான் வீட்டு வரி ரசீது என்றால், சிலர் வீட்டு வரியையும் நிறுத்திவிடுவார்கள்.

30 ரூபாய் எப்படி வந்தது? மாதச் செலவு 18,000 ரூபாயை 600 வீட்டால் வகுத்திருப்பீர்கள். எந்த ஊரிலும் எல்லா வீடும் கட்டுவதில்லை. 450 வீடு கட்டும் என்று வகுத்தால் 40 ரூபாய் வரும். வசூல் 450 வீட்டைத் தொட்ட பிறகு, வரவு செலவைக் கிராமசபையில் படித்துக் காட்டி 40 ஆக்குங்கள். அரசு தரும் தூய்மைக் காவலர் ஊதியத்தைச் செலவில் சேர்க்காதீர்கள். ஆனால் வண்டிக்குப் புது பேட்டரி வாங்க மாதாமாதம் ஒதுக்கியே ஆகவேண்டும். பேட்டரி போய் வண்டி ஒரு வாரம் நின்றால் வசூலும் படுத்துவிடும்.

தராதவர்கள் சொல்லும் காரணம் அநேகமாக ஒன்றுதான்: "வண்டியே ஒழுங்கா வரல." அதற்கு வீட்டுக்கு ஒரு அட்டை போதும். ஒரு பக்கம் வண்டி வந்த நாட்கள். அதில் வீட்டுக்காரரே டிக் அடிக்கட்டும். மறுபக்கம் கட்டிய பணம், ரசீது எண். ஒரு வாரம் வண்டி வராவிட்டால் அந்த மாதம் 7 ரூபாய் குறையுங்கள். பணம் வாங்க மகளிர் குழுவிலிருந்து ஒருவர் போகட்டும். தூய்மைக் காவலர் கையில் ரசீதுப் புத்தகத்தைக் கொடுத்தால், வாசலில் நடக்கும் சண்டையெல்லாம் அவர் தலையில் விழும். மகளிர் உரிமைத் தொகை 15ஆம் தேதி வரவாகிறது. 16 முதல் 20 வரை போனால் கையில் காசு இருக்கும்.

பூட்டிய வீடுகளைத் தனியாகப் பாருங்கள். திருப்பூருக்கோ சென்னைக்கோ போனவர்கள் பொங்கலுக்கு வரும்போது 360 ரூபாய் பாக்கி என்றால் ஒரு ரூபாயும் தரமாட்டார்கள். மூன்று மாதம் தொடர்ந்து பூட்டியிருந்தால் கேட்புப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள். திறந்த மாதத்திலிருந்து மறுபடி எழுதுங்கள். திண்ணையில் பெரியவர் ஒருவர் மட்டும் இருந்தாலும் அது பூட்டிய வீடு ஆகாது. இதைப் பிரிக்காததால்தான் பல ஊர்களில் பாக்கி மலைபோலத் தெரிகிறது.

கதவுக்குக் கதவு கியூஆர் ஸ்டிக்கர் ஒட்டி, "வசூலை நாங்களே பார்த்துக்கொள்கிறோம், வீட்டுக்கு இவ்வளவு கமிஷன்" என்று வருபவர்களை வாசலோடு அனுப்புங்கள். சுலபமாகத் தரும் வீடுகளில் வாங்கிக்கொண்டு, தராத 300 வீட்டை உங்களிடமே விட்டுவிடுவார்கள். பணம் ஊராட்சிக் கணக்கில் விழ வேண்டும், ஊராட்சி ரசீதுதான் தர வேண்டும்.

கட்டணம் வாங்க விதிகளில் இடமிருக்கிறது. ஆனால் மேலிருந்து வருவது "வசூல் எத்தனை சதவீதம்?" என்ற கேள்விதான், வண்டி எத்தனை நாள் ஓடியது என்று கேட்க ஆளில்லை. அந்தச் சதவீதத்துக்குப் பயந்து, கட்டாத வீட்டின் குப்பையை எடுக்காமல் விடாதீர்கள். அது அன்றிரவே கண்மாய்க் கரைக்குப் போகும். மறுநாள் அள்ள ஜேசிபி வாடகையும் நீங்கள்தான் கொடுக்க வேண்டும்.