(2R,3S) என்று வந்தாலே மீசோ ஆகிவிடுமா?

கேள்வி: 2,3-டைபுரோமோபியூட்டேனின் (2R,3S) வடிவம் மீசோ என்று படித்தேன். 2-புரோமோ-3-குளோரோபியூட்டேனுக்கும் (2R,3S) என்று வந்ததால் அதையும் மீசோ என்று எழுதினேன். தவறு என்று மதிப்பெண் தரவில்லை. கைரல் மையங்கள் மூன்று வந்துவிட்டால் எது எனன்ஷியோமர், எது டயாஸ்டீரியோமர் என்றே புரிவதில்லை. எப்படிப் பிரித்தறிவது?

பதில்: R, S குறிகளை இட்டதில் நீங்கள் தவறவில்லை. "ஒரு R, ஒரு S இருந்தால் மீசோ" என்ற ஒற்றை வரியை நம்பியதில்தான் தவறு நேர்ந்திருக்கிறது. சுருக்கக் கையேடுகளிலும் தேர்வுக்கு முந்தைய நாள் கைமாறும் குறிப்புகளிலும் இந்த வரி தடித்த எழுத்தில் நிற்கும். அது எந்த நிபந்தனைக்கு உட்பட்டது என்பது மட்டும் அங்கே இருக்காது. நிபந்தனையை நீக்கிவிட்டு விதியை விற்பவர்களால் ஆண்டுதோறும் மாணவர்கள் மதிப்பெண் இழப்பதைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

கைரல் மையங்கள் இருந்தும், தன் ஆடி பிம்பத்தோடு முழுமையாகப் பொருந்திவிடுகிற மூலக்கூறே மீசோ சேர்மம். ஒரு பாதியில் உள்ள கைத்தன்மையை மறுபாதி ஈடுகட்டினால்தான் இது நடக்கும். ஈடுகட்ட வேண்டுமென்றால் இரண்டு பாதிகளிலும் ஒரே அணுக்கள் ஒரே வரிசையில் இணைந்திருக்க வேண்டும். ஆகவே R, S குறிகளைத் தொடுவதற்கு முன்பே ஒரு வேலையைச் செய்யுங்கள். சங்கிலியை இடமிருந்து வலமாக ஒரு முறையும் வலமிருந்து இடமாக ஒரு முறையும் வாசியுங்கள். 2,3-டைபுரோமோபியூட்டேனில் இரு திசையிலும் மெத்தில், புரோமின் ஏந்திய கார்பன், புரோமின் ஏந்திய கார்பன், மெத்தில் என்றே வரும். உங்கள் இரண்டாவது சேர்மத்தில் ஒரு திசையில் புரோமின் முதலில் வரும். மறு திசையில் குளோரின் முதலில் வரும். இரு பாதிகளும் வெவ்வேறானவை என்பதால் அங்கே மீசோவுக்கு இடமே இல்லை, குறிகள் எப்படி அமைந்தாலும் சரி.

இரு திசையிலும் ஒன்றாக வாசிக்க முடிகிற மூலக்கூறுக்கு மட்டும் அடுத்த சோதனையைச் செய்யுங்கள். குறிகள் எல்லாவற்றையும் மாற்றிப் போடுங்கள்: R இருந்த இடத்தில் S, S இருந்த இடத்தில் R. இப்போது கிடைத்தது ஆடி பிம்பம். அதை மறுமுனையிலிருந்து வாசியுங்கள். தொடங்கிய வரிசையே திரும்பக் கிடைத்தால் அது மீசோ. கிடைக்காவிட்டால் அந்த மூலக்கூறு கைரல், மாற்றிப் போட்டுக் கிடைத்ததே அதன் எனன்ஷியோமர்.

டைபுரோமோபியூட்டேனில் (2R,3S) என்பதை மாற்றினால் (2S,3R). மறுமுனையிலிருந்து வாசித்தால் மீண்டும் (2R,3S). ஆகவே மீசோ. (2R,3R) என்பதை மாற்றினால் (2S,3S). எந்த முனையிலிருந்து வாசித்தாலும் அது (2S,3S) ஆகவே இருக்கும். ஆகவே இவை இரண்டும் எனன்ஷியோமர் இணை. மொத்தம் மூன்றே மாற்றியங்கள்: ஒரு மீசோ, ஓர் இணை. மீசோவும் அந்த இணையில் உள்ள எதுவும் ஒன்றுக்கொன்று ஆடி பிம்பம் அல்ல என்பதால் அவற்றுக்கு இடையே உள்ள உறவு டயாஸ்டீரியோமர் உறவு. மறுமுனையிலிருந்து வாசிக்க மறந்தவர்கள்தான் (2R,3S), (2S,3R) இரண்டையும் தனித்தனிச் சேர்மங்களாக எண்ணி நான்கு என்று எழுதுகிறார்கள்.

புரோமோகுளோரோ சேர்மத்தில் மறுமுனையிலிருந்து வாசிக்கும் உரிமை இல்லை. எனவே (2R,3S), (2S,3R) இரண்டும் உண்மையிலேயே வெவ்வேறு மூலக்கூறுகள். எல்லாக் குறிகளும் மாறியிருப்பதால் அவை எனன்ஷியோமர்கள். (2R,3R), (2S,3S) மற்றோர் இணை. முதல் இணையிலிருந்து ஒன்றையும் இரண்டாவதிலிருந்து ஒன்றையும் எடுத்தால் ஒரு மையம் மட்டும் மாறியிருக்கும், மற்றது மாறாதிருக்கும், அது டயாஸ்டீரியோமர். ஒரு சேர்மத்தின் மாற்றியங்களுக்குள் மட்டுமே இந்த ஒப்பீட்டைச் செய்ய வேண்டும். R, S என்பவை முன்னுரிமை விதிப்படி இடப்பட்ட பெயர்கள். தொகுதி ஒன்று மாறினால் வடிவம் அப்படியே இருக்கும்போதே பெயர் மாறிவிடலாம். செரினும் சிஸ்டீனும் இதற்குச் சான்று: இரண்டும் ஒரே வடிவ வரிசையைச் சேர்ந்த L-அமினோ அமிலங்கள், ஆனால் ஒன்று S, மற்றது R. சிஸ்டீனில் கந்தகம் ஏந்திய கிளை, கார்பாக்சில் தொகுதியைவிட முன்னுரிமை பெற்றுவிடுவதே காரணம்.

மூன்று மையங்களுக்கு வருவோம். இங்கே ஒரு விதிவிலக்கை நிதானமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. உங்கள் குழப்பம் முழுவதும் அதில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன். ஐந்து கார்பன், ஐந்து ஹைட்ராக்சில் தொகுதி கொண்ட சர்க்கரை ஆல்கஹால்களை எடுத்துக்கொள்ளுங்கள்: HOCH2–CHOH–CHOH–CHOH–CH2OH. இனிப்பூட்டியாகப் பயன்படும் சைலிட்டால் இந்த அமைப்புடையதுதான். இடையில் மூன்று கார்பன்களில் ஹைட்ராக்சில் இருப்பதால் 2³ = 8 மாற்றியங்கள் என்று எழுதத் தோன்றும். உண்மையில் இருப்பவை நான்கு.

காரணம் நடுவில் உள்ள 3-ஆம் கார்பன். அதனோடு இணைந்த நான்கு தொகுதிகளில் இரண்டு ஹைட்ரஜனும் ஹைட்ராக்சிலும். மற்ற இரண்டு சங்கிலியின் இரு கரங்கள். 2-ஆம், 4-ஆம் கார்பன்கள் இரண்டும் R ஆக இருந்தால் அந்தக் கரங்கள் எல்லா வகையிலும் ஒன்றே. அப்போது நடுக் கார்பன் கைரல் மையமே இல்லை. அதில் ஹைட்ரஜனையும் ஹைட்ராக்சிலையும் இடம் மாற்றி வரைந்தால், வரைந்த படத்தைத் தாளோடு 180 பாகை திருப்பிப் பாருங்கள். பழைய மூலக்கூறே வந்து நிற்கும். ஆகவே இங்கே (2R,4R), (2S,4S) என்ற இரண்டு மட்டுமே உண்டு. இவை அராபிட்டாலின் இரு எனன்ஷியோமர்கள்.

2-ஆம் கார்பன் R, 4-ஆம் கார்பன் S என்றால் நிலைமை வேறு. இப்போது இரு கரங்களும் ஒன்றுக்கொன்று ஆடி பிம்பம், ஆனால் ஒன்றல்ல. எனவே நடுக் கார்பனில் ஹைட்ராக்சில் எந்தப் பக்கம் நிற்கிறது என்பது புதிய மூலக்கூறைத் தரும். இத்தகைய மையத்தைப் போலிக் கைரல் மையம் என்பார்கள். R கரத்துக்கு S கரத்தைவிட முன்னுரிமை கொடுத்து, குறியைச் சிறிய எழுத்தில் r அல்லது s என்று இடுவார்கள். சைலிட்டால் (2R,3r,4S). ரிபிட்டால் (2R,3s,4S).

எழுத்து ஏன் சிறியதாயிற்று என்பதை யாரும் விளக்குவதில்லை. அதை அலங்காரமாக எண்ணிப் பெரிய எழுத்தில் எழுதிவிடுகிறார்கள். கண்ணாடியில் காட்டும்போது நடுக் கார்பனின் அமைப்பு புரள்கிறது. அதே நேரத்தில் R கரம் S ஆகவும், S கரம் R ஆகவும் மாறிவிடுவதால் முன்னுரிமை வரிசையும் புரள்கிறது. இரண்டு முறை புரண்டால் பழைய இடத்துக்கே வந்துவிடும் அல்லவா? அதனால் சிறிய எழுத்து ஆடியில் மாறாது. சோதனையைச் செய்யும்போது பெரிய எழுத்துகளை மட்டும் மாற்றுங்கள், சிறியதைத் தொடாதீர்கள். சைலிட்டாலின் (2R,3r,4S) என்பது (2S,3r,4R) ஆகும். மறுமுனையிலிருந்து வாசித்தால் (2R,3r,4S). மீசோ. ரிபிட்டாலும் அப்படியே மீசோ. நடு எழுத்தையும் மாற்றிவிட்டால் சைலிட்டாலின் ஆடி பிம்பம் ரிபிட்டால் என்ற தவறான விடை கிடைக்கும். அவை எனன்ஷியோமர்கள் அல்ல. இரண்டும் மீசோவாக இருக்கும் டயாஸ்டீரியோமர்கள். மீசோ சேர்மம் ஒன்றுதான் இருக்கும் என்ற எண்ணத்தையும் இங்கேயே விட்டுவிடுங்கள்.

ஒரு முறை விடைத்தாள் திருத்தும் பணியில், இதே வகைச் சேர்மத்துக்கு நான்கு மாற்றியங்களையும் பிழையின்றி வரைந்திருந்த ஒரு மாணவியின் விடையைப் பார்த்தேன். கொடுக்கப்பட்டிருந்த விடைக்குறிப்பில் எட்டு என்று இருந்தது. எடுத்துச் சொல்லி மாற்ற வைப்பதற்குள் அந்த நாள் முழுவதும் போயிற்று. எண்ணிக்கையை மட்டும் கேட்டு, வரைந்து காட்டியதைப் பார்க்க மறுக்கும் தேர்வுமுறை இந்தப் பாடத்தில் அறிந்தவருக்கே தண்டனை தருகிறது.

படத்தை மட்டும் பார்த்துத் தீர்மானிக்கும் பழக்கத்தைப் பற்றியும் எச்சரிக்க வேண்டும். டைபுரோமோபியூட்டேனை வளைந்து செல்லும் கோட்டு வடிவில் வரைந்து, இரண்டு புரோமினையும் தடித்த ஆப்புக் கோட்டில் நம்மை நோக்கி நிறுத்தினால், இரு பக்கமும் ஒரே மாதிரி இருப்பதாகக் கண் சொல்லும். மீசோ என்று கை எழுதிவிடும். அது கைரல் வடிவம். ஒன்று ஆப்புக் கோட்டிலும் மற்றது புள்ளிக் கோட்டிலும் இருப்பதுதான் மீசோ. நடுப் பிணைப்பைச் சுற்றி ஒரு பாதியை 180 பாகை திருப்பினால் சீர்மைத் தளம் தெளிவாகத் தெரியும். நிமிர்ந்த ஃபிஷர் படத்திலோ இரு புரோமினும் ஒரே பக்கம் இருப்பதே மீசோ. வரையும் முறைக்கு ஏற்பத் தோற்றம் தலைகீழாகிறது என்பதால்தான் குறிகளை இட்டுச் சோதிக்கச் சொல்கிறேன்.

இந்தப் பகுப்பைத் தாளுக்கு வெளியிலும் காணலாம். டார்டாரிக் அமிலத்தின் (2R,3R), (2S,3S) வடிவங்கள் ஒரே வெப்பநிலையில் உருகும், நீரில் ஒரே அளவு கரையும். தளமுனைவுற்ற ஒளியை மட்டும் நீர்க்கரைசலில் முறையே ஏறத்தாழ +12, −12 பாகை என்ற சுழற்சி எண்ணோடு எதிரெதிராகத் திருப்பும். மீசோ வடிவம் அவற்றின் டயாஸ்டீரியோமர் என்பதால் உருகுநிலையும் கரைதிறனும் வேறு. ஒளியைத் திருப்பவே திருப்பாது. ஒளியைத் திருப்பாத எல்லாம் மீசோ என்று இதை மாற்றிப் படித்துவிடாதீர்கள். இரு எனன்ஷியோமர்களையும் சமமாகக் கலந்தாலும் சுழற்சி சுழியாகும். 1848-இல் லூயி பாஸ்டர் அத்தகைய கலவையிலிருந்து கிடைத்த டார்ட்ரேட் உப்பின் படிகங்களை, ஒன்றுக்கொன்று ஆடி பிம்பமாக இருந்த இரு குவியல்களாகக் கையாலேயே பிரித்தெடுத்தார். மீசோ டார்டாரிக் அமிலத்தை அப்படிப் பிரிக்க முடியாது. அதில் இருப்பது ஒரே வகை மூலக்கூறு.