ஆக்சிஜன் ட்ரிம்: பேனலில் 3 சதவீதம், சிம்னியில் சிஓ

கேள்வி: சார், 6 டன் கேஸ் பாய்லர். ட்ரிம் போட்டதிலிருந்து பேனலில் ஆக்சிஜன் 3 சதவீதத்தை விட்டு அசையவில்லை. ஆனால் சிம்னியில் சிஓ 600 பிபிஎம். ப்ரோப் போய்விட்டதா?

பதில்: முதலில் ட்ரிம்மை மேனுவலில் போட்டு, சிஓ இறங்கும் வரை காற்றைக் கூட்டுங்கள். ப்ரோப் சரியாகவே இருக்கலாம். அது எகனாமைசரைத் தாண்டி இருக்கிறதா? சிம்னி இழுக்கும் அந்த இடத்தில் கேஸ்கெட் தளர்ந்தால் வெளிக்காற்று உள்ளே போகும், ப்ரோப் அதையும் சேர்த்து அளந்து காற்று அதிகம் என்று சொல்லும், ட்ரிம் அதை நம்பி பர்னர் காற்றைக் குறைத்துக்கொண்டே போகும். கையடக்க அனலைசரால் எகனாமைசருக்கு முன்னும் ப்ரோப் பக்கத்திலும் அளந்து பாருங்கள். முன்னால் 1, பின்னால் 3.6 வந்தால் புகையில் ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கு வெளிக்காற்று கலந்திருக்கிறது. பேனல் 3 காட்டும்போது அனலைசர் 3.6 காட்டுவது கோளாறு இல்லை. அது ஈரத்தை எடுத்துவிட்டு அளக்கிறது, ப்ரோப் ஈரத்தோடு அளக்கிறது.

கேள்வி: ஆக்சிஜன் குறையக் குறைய லாபம்தானே? நான் 1.5 வைக்கலாம் என்று இருக்கிறேன்.

பதில்: பாதி சரி. சிம்னி 220 டிகிரி இருக்கும் கேஸ் பாய்லரில் 6லிருந்து 3க்கு வந்தால் 1.4 சதவீதம் போல மிச்சம். 3லிருந்து 1.5க்குப் போனால் அரை சதவீதம்தான், அந்த இடத்தில் சிஓ கிளம்பிவிட்டால் அதுவும் கையில் நிற்காது. லோடு நிலையாக இருக்கும்போது காற்றைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, சிஓ திடீரென்று எகிறும் இடத்தைப் பிடியுங்கள், அதற்கு மேலே ஒரு சதவீதமாவது விட்டு செட் பண்ணுங்கள். லோ ஃபயரில் தனியாகப் பாருங்கள், அங்கே 5, 6 தேவைப்படுவது சகஜம்.

கேள்வி: எங்களுடையது விறகு பாய்லர். கதவைத் திறந்து விறகு போடும்போது ஆக்சிஜன் 14க்கு ஏறுகிறது. ட்ரிம் மாட்டினால் அடங்குமா?

பதில்: அடங்காது, மோசமாகும். கதவு வழியே வந்த காற்றைப் பார்த்து ட்ரிம் ஃபேனை இறக்கும், புது விறகுக்குக் காற்று தேவைப்படும் அதே நேரத்தில். கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி போடும் பழக்கத்துக்கு முதலில் வாருங்கள், ட்ரிம்மை அப்புறம் பார்க்கலாம்.

கேள்வி (6 டன்காரர்): அளந்துவிட்டேன் சார். எகனாமைசருக்கு முன்னால் 3.4, பின்னால் 3.5.

பதில்: அப்போ காற்றுக் கசிவு இல்லை. இவ்வளவு ஆக்சிஜன் இருந்தும் சிஓ வருகிறது என்றால் காற்றும் கேஸும் சரியாகக் கலக்கவில்லை. டிஃப்யூசர் தகடு, கேஸ் முனைகள் இரண்டையும் கழற்றிப் பாருங்கள். ட்ரிம் காற்றின் அளவைத்தான் மாற்றும், கலவையைச் சரிசெய்யாது. தீ ஒரு பக்கமாகச் சாய்கிறதா? வியூ போர்ட்டில் பார்த்து எழுதுங்கள், அது தெரியாமல் மேலே சொல்ல முடியாது.