ஃப்ளூவுக்குப் பிறகு ஒரு காதில் இரைச்சல்: ஏழு வாரம் ஆகிவிட்டது, இனி என்ன பார்க்க வேண்டும்?

"டாக்டர், எனக்கு வயது 46. சுகர் இருக்கிறது, மாத்திரையில் கட்டுப்பாட்டில்தான் வைத்திருக்கிறேன். ஏழு வாரத்துக்கு முன்பு ஃப்ளூ வந்தது. மூன்றாம் நாள் காலை எழுந்தபோது இடது காது அடைத்த மாதிரி இருந்தது, கூடவே 'ஙீ' என்று ஒரு சத்தம். சளி இறங்கினால் சரியாகும் என்றார்கள். ஐந்தாவது வாரம் கேட்கும் திறனை அளக்கும் ஆடியோகிராம் எடுத்தேன், தாளின் படம் அனுப்பியிருக்கிறேன். 'நரம்பு கொஞ்சம் வீக், வைட்டமின் சாப்பிடுங்கள்' என்று சொல்லிவிட்டார்கள். சத்தம் நிற்கவில்லை, இடது காதில் போனை வைத்தால் பேச்சு புரிவதில்லை. தானாகப் போய்விடுமா, இன்னும் ஏதாவது பார்க்க வேண்டுமா?"

பார்க்க வேண்டும். வைட்டமினோடு விட்டுவிடுகிற தாள் இல்லை இது.

தாளில் சிவப்பு வட்டங்கள் உங்கள் வலது காது, நீலப் பெருக்கல் குறிகள் இடது காது. கோடு கீழே இறங்க இறங்கக் கேட்கும் திறன் குறைவு என்று அர்த்தம். வலது கோடு கடைசி வரை 15, 20 டெசிபலிலேயே போகிறது, அது நல்ல காது. இடது கோடு 1000 ஹெர்ட்ஸ் அலைவரிசை வரை வலதை ஒட்டியே வந்து, 2000-ல் 45, 4000-ல் 50, 8000-ல் 55 என்று சரிந்துவிடுகிறது. போனில் பேச்சு புரியாததற்குக் காரணம் இந்தச் சரிவுதான். சத்தம் காதில் விழும், ஆனால் ச, த, ட மாதிரி எழுத்துகளைப் பிரித்துக் காட்டும் கூர்மை பெரும்பாலும் இந்த மேல் அலைவரிசையில்தான் இருக்கிறது, அது போனால் 'பத்து' எது 'பட்டு' எது என்று தெரியாது.

அதே தாளில் இன்னொரு கோட்டையும் கவனியுங்கள். காதுக்குப் பின்னால் எலும்பில் ஒரு கருவியை வைத்து எடுப்பார்களே, அந்த எலும்பு வழி அளவு. சளிக்குப் பிறகு செவிப்பறைக்குப் பின்னால் நீர் தங்கினால், ஹெட்போன் வழி அளவு இறங்கியும் எலும்பு வழி அளவு நன்றாகவும் இருக்கும், இரண்டுக்கும் நடுவில் இடைவெளி தெரியும். அப்படிப்பட்ட நீர் பெரும்பாலும் சில வாரங்களில், நீண்டால் மூன்று மாதத்துக்குள், தானாகவே வடிந்துவிடும். 'சளி இறங்கினால் சரியாகும்' என்பது அந்தக் கதைக்குப் பொருந்தும். உங்களுக்கு இரண்டு கோடும் ஒட்டிக்கொண்டே இறங்குகின்றன. செவிப்பறையின் அசைவைப் பார்க்கும் டிம்பனோமெட்ரியும் இயல்பு என்று கீழே எழுதியிருக்கிறது. ஆக நடுக்காதில் நீர் இல்லை, குறை உள்காதிலோ அதற்குப் பின்னால் போகும் நரம்பிலோ இருக்கிறது. சிரமம் என்னவென்றால், அடைப்பு உணர்வு இரண்டிலும் ஒரே மாதிரிதான் இருக்கும், அறிகுறியை வைத்துப் பிரிக்க முடியாது.

அடுத்தடுத்த மூன்று அலைவரிசையில் 30 டெசிபலோ அதற்கு மேலோ, மூன்று நாளுக்குள் குறைந்தால் அதைத் 'திடீர் நரம்புவழிக் கேள்விக்குறைவு' என்று எடுத்துக்கொள்வோம். முன்பு எடுத்த ஆடியோகிராம் இல்லாதபோது நல்ல காதோடுதான் ஒப்பிடுவோம். உங்கள் இடது காது வலதைவிட 2000-லிலும் 4000-லிலும் 30, 8000-ல் 35 குறைவு. தூங்கி எழுந்தபோது வந்தது என்கிறீர்கள். சரியாகப் பொருந்துகிறது. இதற்கு ஸ்டீராய்டு மாத்திரை கொடுப்பது வழக்கம், ஆனால் முதல் இரண்டு வாரத்துக்குள் தொடங்க வேண்டும். அதில் முன்னேற்றம் இல்லையென்றால் இரண்டிலிருந்து ஆறு வாரத்துக்குள் செவிப்பறை வழியாக நடுக்காதுக்குள் ஸ்டீராய்டு ஊசி போட்டுப் பார்ப்பார்கள். நீங்கள் ஏழாவது வாரத்தில் இருக்கிறீர்கள். இப்போது ஸ்டீராய்டு மாத்திரையால் கிடைக்கக்கூடிய பலன் மிகக் குறைவு, சுகர் எகிறுவது மட்டும் நிச்சயம், அதனால் யாராவது எழுதிக் கொடுத்தாலும் எதற்கு என்று கேட்காமல் தொடங்காதீர்கள். உங்கள் வீட்டிலோ பக்கத்திலோ யாருக்காவது காய்ச்சலோடு ஒரு காது திடீரென்று மந்தமானால், அன்றோ மறுநாளோ காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் அனுப்புங்கள், ஐந்து வாரம் காத்திருக்க வேண்டாம்.

அடுத்தது ஸ்கேன். காய்ச்சலின்போது வந்தது என்பதாலேயே காய்ச்சல்தான் காரணம் என்று முடிவு கட்ட முடியாது. இப்படி ஒரு காது மட்டும் குறைபவர்களில் நூற்றுக்குச் சிலரிடம் கேட்கும் நரம்பின் பாதையில் ஒரு சிறு கட்டி இருக்கும். புற்றுநோய் இல்லை, மெதுவாக வளரும், அவசரமும் இல்லை, ஆனால் இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள வேண்டும். அதற்கு எம்.ஆர்.ஐ. எடுக்க வேண்டும். சீட்டில் வெறும் 'மூளை எம்.ஆர்.ஐ.' என்று இருந்தால் போதாது, இரண்டு பக்கமும் உள்காதுக் கால்வாய்க்கான நுண்ணிய படங்கள் வேண்டும் என்று மருத்துவரை எழுதச் சொல்லுங்கள். சாதாரண மூளைப் படத்தின் பட்டைகள் தடிமனானவை, சில மில்லிமீட்டர் கட்டி நடுவில் நழுவிவிடும். கான்ட்ராஸ்ட் மருந்து ஏற்றுவதாக இருந்தால், சுகர் இருப்பதால் முதலில் சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் பார்த்துவிடுங்கள்.

ஸ்கேனோடு சேர்த்து, அதே இடத்தில் ஆடியோகிராமை இன்னொரு முறை எடுத்துக்கொள்ளுங்கள், இந்த முறை சொற்களைச் சொல்லித் திருப்பிச் சொல்லவைக்கும் பேச்சுப் பரிசோதனையையும் சேர்த்து. டெசிபல் கணக்கில் கொஞ்சமே குறைந்திருந்தும் சொற்கள் ஏகத்துக்குத் தவறினால், குறை உள்காதைவிட நரம்பில் இருக்கலாம் என்ற சந்தேகம் கூடும். அப்புறம் ஆறாவது மாதத்தில் ஒரு முறை எடுத்தால் எது நிலைத்துவிட்டது என்று தெரியும். கேள்வித்திறன் திரும்புவதென்றால் பெரும்பகுதி முதல் சில வாரங்களிலேயே திரும்பிவிடும், உங்களுக்கு இனி பெரிதாக மாறும் என்று நான் நம்பிக்கை கொடுக்க மாட்டேன்.

இரைச்சல் வேறு கணக்கு. காதிலிருந்து மேல் அலைவரிசைச் செய்தி வருவது குறைந்ததும், மூளை அந்த இடத்தில் வால்யூமைக் கூட்டிவைக்கிறது, அதுதான் 'ஙீ'. கேள்விக்குறைவு அப்படியே இருந்தாலும் பலருக்கு இந்தச் சத்தம் சில மாதங்களில் பின்னுக்குப் போய்விடுகிறது, கவனித்தால் மட்டும் கேட்கும். இதை நிறுத்தும் மாத்திரை கிடையாது. பீட்டாஹிஸ்டின், கிங்கோ எல்லாம் இதற்கு எழுதப்படுவதைத் தினமும் பார்க்கிறேன், காசுதான் போகும். ரத்தத்தில் பி12 குறைவு என்று தெரிந்தால் பி12 போடலாம், சுகருக்கு மெட்ஃபார்மின் சாப்பிடுபவர்களுக்கு அது குறைவது உண்டு, பார்த்துக்கொள்ளுங்கள், ஆனால் இரைச்சலுக்கான மருந்தாக நினைத்துப் போடாதீர்கள். பூண்டு காய்ச்சிய எண்ணெய் உள்காதுக்குப் போகவே போகாது, வழியில் தோலைப் பொசுக்கும்.

உண்மையில் உதவுவது, ஆடியாலஜிஸ்டிடம் இடது காதுக்கு மேல் அலைவரிசையை மட்டும் கூட்டித் தரும் கருவியைச் சில வாரம் போட்டுப் பார்ப்பது. பேச்சும் தெளியும், நிஜச் சத்தம் உள்ளே வருவதால் இரைச்சலும் பலருக்கு அடங்கும். இரவில் அறையை நிசப்தமாக வைக்காதீர்கள், ஃபேன் ஓடட்டும். பகலில் பஞ்சு வைத்துக் காதை மூடும் பழக்கம் வேண்டாம், அது இரைச்சலை இன்னும் எடுப்பாக்கும். தூக்கமே கெட்டுப்போய் மனம் அதிலேயே சுற்றினால் மனநல நிபுணரிடம் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சைக்குப் போகலாம், இரைச்சலால் வரும் அவதியைக் குறைப்பதில் சான்று நன்றாக உள்ளது அதற்குத்தான்.

ஸ்கேனை இரண்டு மூன்று வாரத்துக்குள் எடுத்தால் போதும். ஆனால் வலது காதும் மங்கினாலோ, இடது காது இப்போது இருப்பதைவிடக் குறைந்தாலோ, தலை சுற்றி நடக்க முடியாமல் போனாலோ, முகம் ஒரு பக்கம் கோணினாலோ அன்றே போங்கள். சத்தம் நாடித்துடிப்போடு சேர்ந்து அடிக்கத் தொடங்கினால் அதையும் சொல்லுங்கள், அதற்கு ரத்தக்குழாய்களைத் தனியாகப் பார்க்க வேண்டும்.