வேண்டாங்க என்று எழுதியவருக்குப் போன வாழ்த்து

கேள்வி: கடை வாட்ஸ்அப்பில் தானியங்கிப் பதில் வைத்து யாருக்காவது சங்கடம் ஏற்பட்டிருக்கிறதா? எதனால் அப்படி ஆனது?

பதில்:

ஏற்பட்டிருக்கிறது. அந்தப் பதிலை எழுதியவனே நான்தான் என்பதால் நடந்ததை அப்படியே சொல்கிறேன்.

என் பெரியப்பா சிறுமுகையில் மென்பட்டுப் புடவைக் கடை வைத்திருக்கிறார். தறி வைத்திருக்கும் சில குடும்பங்களிடம் சொல்லி நெய்து வாங்கி, பாதிக்கு மேல் வாட்ஸ்அப்பிலேயே விற்றுவிடுவார். கடையை இரவு 9 மணிக்குச் சாத்திய பிறகுதான் பெண்கள் சாவகாசமாக உட்கார்ந்து கலர் கேட்பார்கள். பெரியப்பாவோ அந்நேரத்திற்குத் தூங்கிவிடுவார். காலையில் பார்த்தால் முப்பது செய்திகள் பதிலில்லாமல் கிடக்கும். அதற்காகத்தான் வருகிற செய்தியில் குறிப்பிட்ட சொற்களைத் தேடி, கண்டுபிடித்த சொல்லுக்கு ஏற்ற பதிலை அனுப்பும் ஒரு சிறு நிரலை எழுதிக் கொடுத்தேன்.

வாழ்த்துச் செய்தியின் வாசகம் பெரியப்பாவுடையது. கடையில் நேரில் பேசுவது போலவே இருக்க வேண்டும் என்று அவரே சொல்லச் சொல்லத் தட்டச்சு செய்தேன்: “அடடே, கல்யாணமுங்களா! ரொம்பச் சந்தோசமுங்க! வீடு நிறைய விருந்தாளி, மனசு நிறையச் சிரிப்புன்னு விசேசம் சிறப்பா நடக்கட்டுமுங்க. இன்னும் இது மாதிரி பல விசேசத்துக்கு நம்ம கடைக்கே மீண்டும் மீண்டும் வாங்க!” முன்னும் பின்னும் பட்டாசுப் படங்களும் பூங்கொத்துப் படங்களும் நான் சேர்த்தவை. அந்தப் பழியை அவர் மேல் போட முடியாது.

கோபிப் பக்கத்திலிருந்து ஒரு பெண் தன் பெற்றோரின் அறுபதாம் கல்யாணத்துக்காக, அம்மா கட்டிக்கொள்ள அரக்கு நிறத்தில் ஒரு புடவை சொல்லி, முன்பணமும் அனுப்பியிருந்தார். புடவை தறியில் பாதி ஓடியிருந்தபோது, ஒரு நாள் இரவு 9.52 மணிக்கு அவரிடமிருந்து இப்படி ஒரு செய்தி வந்தது: “அண்ணா, அறுபதாம் கல்யாணத்துக்குச் சொன்ன புடவை வேண்டாங்க. அப்பா நேத்து தவறிட்டாங்க. அட்வான்ஸ் பத்தி அப்புறமா பேசிக்கலாங்க.”

அதே நிமிடத்தில் பட்டாசுப் படங்களோடு “அடடே, கல்யாணமுங்களா!” என்ற பதில் அவருக்குப் போய்விட்டது.

நம் பக்கம் துக்க வீட்டிலிருந்து கிளம்பும்போது “போயிட்டு வர்றேன்” என்று யாரும் சொல்ல மாட்டார்கள். சொல்லாமல் கொள்ளாமல் எழுந்து போவதுதான் அங்கே மரியாதை. அப்படிப்பட்ட வீட்டுக்கு, அதுவும் அடக்கம் முடிந்த இரவில், மீண்டும் மீண்டும் வரச் சொல்லி அழைப்பு அனுப்பியிருந்தோம்.

அந்தப் பெண் நான்கு நிமிடம் பொறுத்து இன்னொரு முறை எழுதினார். “அண்ணா, சரியாப் படிச்சீங்களா? அப்பா தவறிட்டாங்கன்னு சொன்னேனுங்க.” எதிர்முனையில் மனிதர் இருப்பதாகத்தான் அவர் அப்போதும் நம்பினார் என்பதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கூசுகிறது. இந்த முறை போன பதில்: “தவறுக்கு வருந்துகிறோமுங்க. மூன்று நாளில் வேறு ஒன்று மாற்றித் தருகிறோம்.”

அதற்கு மேல் அவர் எதுவும் எழுதவில்லை.

காலையில் பெரியப்பா செய்திகளைப் பார்த்துவிட்டு என்னை அழைத்தார். திட்டவில்லை. “கண்ணு, மொதல்ல அதை அமத்து” என்று மட்டும் சொன்னார். பிறகு அந்தப் பெண்ணுக்குத் தன் கையாலேயே தட்டச்சு செய்து, “அம்மிணி, ராத்திரி வந்ததுக நாங்க எழுதினது இல்லீங்க, மிசின் தானா அனுப்பினது. அதை வெச்சது எங்க தப்புத்தானுங்க. நான் நேர்ல வர்றேனுங்க” என்று அனுப்பிவிட்டு, முன்பணத்தை ஒரு உறையில் போட்டுக்கொண்டு, புளியம்பட்டி, சத்தி வழியாகப் பேருந்தில் கோபிக்குப் போய்த் துக்கம் விசாரித்துவிட்டு வந்தார். அங்கே என்ன பேசினார்கள் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

அவர் போயிருந்த நேரத்தில் நான் நிரலைத் திறந்து பார்த்தேன். விதிகள் இருந்த வரிசை இது:

```
விதிகள் = [
    ("வேண்டாம்", ரத்து),
    ("கல்யாண", வாழ்த்து),
    ("தவற", மாற்றம்),
]
for சொல், பதில் in விதிகள்:
    if சொல் in செய்தி:
        அனுப்பு(பதில்)
        break
```

மேலிருந்து கீழாகப் பார்த்து, முதலில் பொருந்தும் விதியோடு நின்றுவிடும். ரத்துக்கான விதிதான் முதலில் இருக்கிறது. அது பொருந்தியிருந்தால் “சரிங்க, காலையில் பேசுகிறோம்” என்ற சாதுவான பதில் போயிருக்கும். அது ஏன் பொருந்தவில்லை என்பதைக் கண்டுபிடிக்க எனக்குக் கால் மணி நேரம் ஆனது, ஏனென்றால் அந்தச் செய்தியை எத்தனை முறை படித்தாலும் என் கண்ணுக்கு “வேண்டாம்” என்றுதான் தெரிந்தது. அவர் எழுதியிருந்ததோ “வேண்டாங்க”. கொங்குப் பேச்சில் மரியாதைக்குச் சேரும் “ங்க”, முன்னால் இருக்கும் “ம்”மை விழுங்கிவிடுகிறது. கணினிக்கு “வேண்டாம்” என்பது நான்கு எழுத்துகளும் நான்கு குறிகளும் சேர்ந்த ஒரு வரிசை. கடைசி மெய் மாறினால் அதற்கு அது வேறு சொல். புத்தகத் தமிழில் விதியை எழுதிவிட்டு, ஈரோடு, கோவை மாவட்டத்து வாடிக்கையாளர்களிடம் அதை வைத்திருந்தேன். பழைய செய்திகளைப் புரட்டியபோது, “வேண்டாங்க”, “வேணாங்க” என்று எழுதிய ஒருவருக்குக்கூட அந்த ரத்து விதி வேலை செய்ததே இல்லை என்று தெரிந்தது. மற்றவர்களுக்கு அதனால் பெரிய கெடுதல் நேராததால் எங்கள் கண்ணில் படவில்லை, அவ்வளவுதான்.

வேடிக்கை என்னவென்றால், இதே சிக்கலைக் கல்யாண விதியில் நான் முன்பே சரிசெய்திருந்தேன். முதலில் “கல்யாணம்” என்று முழுச் சொல்லாக வைத்திருந்தபோது, “கல்யாணத்துக்கு”, “கல்யாணத்தன்னிக்கு” என்று வருபவை தப்பிப் போயின. தமிழில் வேற்றுமை உருபு ஏறினால் “ம்” போய் “த்து” வந்துவிடும் அல்லவா? ஆகவே வாலை வெட்டி “கல்யாண” என்று ஆக்கினேன். விற்பனை வரும் விதிக்கு அக்கறையாகச் செய்ததை, விற்பனை போகும் விதிக்குச் செய்யவில்லை.

மூன்றாவது விதியில் நடந்தது இதற்கு நேர்மாறு. தவறான நிறம், தவறு, தவறுதலாக என்று எல்லாவற்றையும் பிடிக்க வேண்டும் என்பதற்காக “தவற” என்று வெட்டியிருந்தேன். யுனிகோடில் உயிர்மெய் எழுத்து, மெய்க்குரிய அகர எழுத்தை முதலிலும் உயிர்க்குறியை அதற்குப் பின்னாலும் வைத்தே சேமிக்கப்படுகிறது. “றி” என்பது “ற” வும் அதன் பின் ஒரு இகரக் குறியும். ஆகவே “தவற” என்று தேடினால் தவறு, தவறா, தவறி எல்லாமே அகப்படும். “தவறிட்டாங்க” என்பதும் அப்படித்தான் அகப்பட்டது. ஒரு சொல்லைக் குறைவாக வெட்டியதால் முதல் பதிலும், இன்னொன்றை அதிகமாக வெட்டியதால் இரண்டாவது பதிலும் போயின.

இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் இன்னொன்று கண்ணில் பட்டது. வாழ்த்து போன எண்களுக்கு நிரல் “கல்யாண வீடு” என்று ஒரு அடையாளமும் இடும். அந்த அடையாளம் உள்ளவர்களுக்கு ஏழாம் நாள் “விசேசப் புடவைக்கு ஜாக்கெட் தெச்சாச்சுங்களா?” என்று இன்னொரு செய்தி தானாகவே போகும். தானியங்கிப் பதிலை அமத்தியது அதை நிறுத்தவில்லை, ஏனென்றால் அது வேறு பட்டியலில் காத்திருந்தது. பெரியப்பா நேரில் போய் மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்த ஆறாம் நாள், கருமாதிகூட முடியாத வீட்டுக்கு அது போயிருக்கும். அந்த எண்ணிலிருந்து அடையாளத்தை எடுத்தேன். இப்படி ஏதாவது நேர்ந்தால், போன செய்தியைப் பற்றி மட்டும் யோசிக்காமல், அந்தச் செய்தி பின்னால் எதையெல்லாம் கிளப்பிவிட்டது என்பதையும் அன்றைக்கே தேடிப் பார்ப்பது நல்லது.

சரிசெய்ய நான் முதலில் எடுத்த வழி, எல்லோருக்கும் தோன்றுவதுதான். துக்கச் சொற்களுக்கு ஒரு விதி எழுதி எல்லாவற்றுக்கும் மேலே வைத்துவிடலாம் என்று நினைத்தேன். தவறிட்ட, போயிட்டாங்க, கண்ணை மூடிட்டாங்க, காலமாயிட்டாங்க, எழவு, கருமாதி என்று எழுதிக்கொண்டு, கடையின் பழைய செய்திகளை ஒரு கோப்பில் இறக்கி, அவற்றின் மேல் ஓட்டிப் பார்த்தேன். உண்மையில் யாருக்கும் அனுப்பவில்லை, எந்தச் செய்திக்கு எந்தப் பதில் போயிருக்கும் என்று அச்சிட்டு மட்டும் பார்த்தேன். கூரியர்காரர் அழைத்தபோது எடுக்கத் தவறிட்டதாக எழுதிய ஒரு அம்மாவுக்கு ஆழ்ந்த இரங்கல் போயிருக்கும். “வந்த விருந்தாளிக எல்லாம் போயிட்டாங்க, இப்பப் படம் அனுப்புங்க” என்றவருக்கும் அதே இரங்கல். மறுபக்கம், `appa thavaritanga` என்று ஆங்கில எழுத்தில் அடித்திருந்த ஒருவர் எந்த விதியிலும் சிக்கவில்லை. சாவு என்ற சொல்லை நேராகச் சொல்லாமல் சுற்றி வளைத்துச் சொல்வது நம் வழக்கம். அப்படிச் சுற்றிப் போகும் சொற்கள் எல்லாமே அன்றாடம் வேறு எதற்கோ புழங்குகிற சொற்கள். சொல்லைத் தேடிப் பார்க்கும் ஒரு விதியால் அந்த இரண்டையும் பிரித்தறிய முடியாது.

ஆகவே துக்கத்தைக் கண்டுபிடிக்கும் முயற்சியைக் கைவிட்டு, சந்தோசத்தை எடுத்துவிட்டேன். இப்போது எந்தச் செய்தி வந்தாலும் ஒரே பதில்தான் போகும்: “இது தானாகச் செல்லும் பதில். உங்கள் செய்தி கிடைத்தது. காலை 10 மணிக்குள் கடையிலிருந்து பேசுவோம்.” படங்கள் இல்லை, வியப்புக்குறி இல்லை. ஒருவருக்கு ஒரு இரவில் ஒரு முறைதான் போகும், அவர் மறுபடி எழுதினால் நிரல் பேசாமல் இருக்கும். ஏழாம் நாள் செய்தியை அடியோடு நீக்கிவிட்டேன். சொற்களைத் தேடும் வேலை இன்னும் நடக்கிறது, ஆனால் அது பதில் அனுப்புவதற்காக அல்ல. “வேண்டா”, “வேணா”, “தவறி” போன்றவை வந்தால், காலையில் பெரியப்பா முதலில் படிக்க வேண்டியவையாக அந்தச் செய்திகளை மேலே கொண்டுவந்து வைக்கும். அங்கே கூரியரைத் தவறவிட்ட அம்மாவும் சேர்ந்து வந்தால் ஒன்றும் குடிமுழுகிப் போகாது.

பெரியப்பாவுக்கு இது இன்னும் முழுதாகப் பிடிக்கவில்லை. “கல்யாண வீட்டுக்காரங்களுக்கு இப்படி மொட்டையாப் பதில் போனா நல்லாவா இருக்குது, கண்ணு?” என்று மாதம் ஒரு முறையாவது கேட்பார். நானும் பதில் சொல்வதில்லை. காலையில் கடை திறந்ததும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, அந்தப் பட்டியலை மேலிருந்து படித்து முடித்துவிட்டு, கல்யாணம் என்று எழுதியவர்களை ஒவ்வொருவராக அழைத்து அந்த “அடடே”யை அவரே சொல்லிக்கொள்கிறார்.