கடற்கரைக்குச் சுவரா, மணலா?

கேள்வி: பந்திங் பக்கம் செம்பனைத் தோட்ட டவுனில் இருக்கிறோம். மோரிப் மாதிரி கரை அரித்தால் சுவர் கட்டுவது நல்லதா, மணல் கொட்டுவதா?

மக்கள் குளித்து விளையாடும் மணல் கரையென்றால் என் தேர்வு மணல்தான். சுவர் பின்னால் உள்ள நிலத்தைக் காக்கும், முன்னால் உள்ள மணலைக் காக்காது. செங்குத்துச் சுவரில் மோதித் திரும்பும் அலை அடிவாரத்தைத் தோண்டும். அடித்தளம் வெளியே தெரிந்தால் சுவர் சாயும் ஆபத்து வந்துவிட்டது. சுவர் முடியும் இடத்தில் பக்கத்து நிலமும் வேகமாக அரிக்கும். அங்கே மரங்கள் வேர் தெரிந்து விழுவதே அடையாளம்.

சரி, மணலுக்கு என்ன செலவு? 1 கி.மீ. கரையை 20 மீட்டர் அகலமாக்க வேண்டும் என்று வைப்போம். மணல் தண்ணீருக்கு அடியிலும் சரிவாகப் பரவுவதால் மேலிருந்து கீழ்வரை 5 மீட்டர் உயரத்துக்குக் கணக்கிட வேண்டும். மொத்தம் 1,00,000 கன மீட்டர். ஒரு கன மீட்டர் 30 வெள்ளி என்று பிடித்தால் 30 லட்சம் வெள்ளி. அதோடு முடியாது, சில ஆண்டுகளில் மறுபடி கொட்ட வேண்டும். சுவருக்குத் தொடக்கச் செலவு பெரும்பாலும் அதிகம், ஆனால் நீண்ட காலம் நிற்கும்.

கொட்டும் மணல் பழைய மணலைவிட நைசாக இருந்தால் சீக்கிரம் கரைந்துபோகும். மணல் தோண்டும் இடத்தில் கடலடி உயிர்களும் அழியும்.

அப்புறம், சிலாங்கூர் கரையில் பல இடங்கள் சேறு. அங்கே மணல் புதைந்துவிடும். தோட்டத்தைக் காக்க மண்ணால் கட்டிய தடுப்பு மேடும், அதன் முன்னால் கண்டல் காடும்தான் பொருந்தும்.